ஒரு மதிப்பெண் வித்தியாசம்: இரண்டு கடைகளும் ஒரு டி-சோதனையும்

பிளஸ் ஒன் வகுப்பில் வருகைப் பதிவை முடித்து நிமிர்ந்தபோது ஒரு மாணவி தயங்கித் தயங்கி மேசை அருகே வந்தாள். "சார், எங்கம்மா வேலை பாக்குற கடைக்கு மார்க் கம்மியாயிருச்சுங்க. தீபாவளி போனஸைக் குறைக்கப் போறாங்களாமா" என்றாள்.

அவளுடைய அம்மா பெருமாநல்லூரில் ஒரு பனியன், டி-சர்ட் கடையில் விற்பனையாளர். அதே உரிமையாளருக்குத் திருப்பூரிலும் ஒரு கிளை உண்டு. இரண்டு கடைகளிலும் பில் போடும் இடத்தில் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். "எங்கள் கவனிப்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?" என்று கேட்கும் சீட்டில் வாடிக்கையாளர் ஓர் எண்ணை எழுதிப் போட வேண்டும். திருப்பூர்க் கிளையின் சராசரி 8. பெருமாநல்லூர்க் கிளையின் சராசரி 7. பெருமாநல்லூரில் கவனிப்புச் சரியில்லை என்று உரிமையாளர் முடிவு கட்டிவிட்டார்.

அன்று மாலை அவரிடம் பேசினேன். ஒரு கடைக்குப் பத்து வீதம் இருபது சீட்டுகள்தான் சேர்ந்திருந்தன. யார் எழுதியது என்று எதிலும் பெயர் இல்லை. எண்களை மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னார். மறுநாள் அவற்றைக் கரும்பலகையில் எழுதினேன்.

பெருமாநல்லூர்: 4, 9, 6, 8, 7, 5, 9, 8, 6, 8
திருப்பூர்: 8, 6, 9, 7, 10, 8, 9, 5, 10, 8

கணக்குக்கு முன் ஒரு குலுக்கல்

"திருப்பூர்க் கடைதான் நல்ல கடை" என்று பாதி வகுப்பு உடனே சொன்னது. விடுமுறை நாள்களில் செக்கிங் வேலைக்குப் போகும் ஒரு மாணவனிடம் கேட்டேன்: "ஒரே லாட்டில் வந்த பத்து எல் சைஸ் டி-சர்ட்டை அளந்தால் மார்பளவு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்குமா?" அவன் சிரித்தான். "அதெப்படிங்க சார், கால் இஞ்ச் அரை இஞ்ச் முன்னப்பின்னத்தான் இருக்கும்" என்றான். ஒரே துணி, ஒரே தையல்காரர், ஆனாலும் ஏற்ற இறக்கம் உண்டு. அப்படியானால் ஒரே தரமான கவனிப்பைத் தரும் இரண்டு கடைகளிலிருந்து பத்துப் பத்துச் சீட்டுகள் எடுத்தாலும் சராசரிகள் ஒன்றாக வரா. நாம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஒரு மதிப்பெண் இடைவெளி வெறும் ஏற்ற இறக்கத்திலேயே வரக்கூடியதா என்பதுதான்.

இதை வாய்பாடு இல்லாமலே பார்க்கலாம். இருபது எண்களையும் இருபது துண்டுத் தாள்களில் எழுதி, மதிய உணவுத் தட்டில் போட்டுக் கலக்கினோம். கடைப் பெயரை மறந்துவிட்டு, கண்ணை மூடிப் பத்துத் தாள்களை ஒரு பக்கமும் மீதிப் பத்தை மறுபக்கமும் வைத்து, இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைக் குறித்தோம். குழு குழுவாக இருபது முறை செய்தபோது ஐந்து முறை வித்தியாசம் ஒன்றாகவோ அதற்கு மேலாகவோ வந்தது. கடைக்கும் மதிப்பெண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாமல் கலக்கிய தாள்களிலேயே நான்கில் ஒரு முறை அந்த இடைவெளி வருகிறது! வகுப்பு அமைதியானது. சராசரி கண்டுபிடிக்கத் தெரிந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடும் இதைச் செய்து பார்க்கலாம்.

இனி டி-சோதனை

குலுக்கலில் கண்டதையே கணக்கால் செய்வதுதான் சார்பற்ற இரு மாதிரிகளுக்கான டி-சோதனை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், சிறு எண்ணிக்கையிலான மாதிரிகளை வைத்து முடிவெடுக்க வேண்டிய தேவையிலிருந்து இதற்கு அடித்தளமிட்டார். ஊழியர்கள் தம் பெயரில் ஆய்வுகளை வெளியிட ஆலை அனுமதிக்காததால், 1908இல் 'ஸ்டூடண்ட்' என்னும் புனைபெயரில் கட்டுரையை வெளியிட்டார். "மாணவர் பேரில் வந்த சோதனை" என்றதும் வகுப்புக்கு அதன்மேல் ஓர் உரிமை வந்துவிட்டது.

முதலில் இன்மை எடுகோள்: இரு கடைகளின் உண்மையான சராசரியிலும் வேறுபாடு இல்லை. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்று கொள்வதைப் போன்றது இது.

அடுத்து, ஒவ்வொரு மதிப்பெண்ணும் தன் கடையின் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று கண்டு, வர்க்கப்படுத்திக் கூட்டுகிறோம். பெருமாநல்லூருக்கு 26, திருப்பூருக்கு 24. ஆக மொத்தம் 50.

இந்த 50ஐ எதனால் வகுப்பது? இங்கேதான் மாணவர்கள் தவறுவார்கள். பத்தாம் வகுப்பில் திட்டவிலக்கத்துக்கு n ஆல் வகுத்துப் பழகியிருக்கிறார்கள். அங்கே கையில் உள்ள எண்களை மட்டும் விவரிக்கிறோம். இங்கே பத்துச் சீட்டுகளை வைத்து, சீட்டு எழுதாத வாடிக்கையாளர்களையும் சேர்த்து மதிப்பிடுகிறோம். விலகல்களை அந்தப் பத்தின் சராசரியிலிருந்தே அளப்பதால் அவை உண்மையைவிடச் சற்றுக் குறைவாகத் தெரியும். அதைச் சரிசெய்ய ஒவ்வொரு கடைக்கும் n − 1, அதாவது 9 என்று கொள்கிறோம். 9 + 9 = 18. இதுவே கட்டின்மைப் படிகளின் எண்ணிக்கை.

```
50 / 18 = 2.778
திட்டப்பிழை = √(2.778 × (1/10 + 1/10)) = √0.5556 = 0.745
t = (8 − 7) / 0.745 = 1.34
```

திட்டப்பிழை 0.745 என்பதன் பொருள் எளிது. இந்த அளவு சிதறல் உள்ள பத்துப் பத்துச் சீட்டுகளை மீண்டும் மீண்டும் எடுத்தால், சராசரிகளின் வித்தியாசம் முக்கால் மதிப்பெண் அளவுக்கு முன்னும் பின்னும் ஆடும். நாம் கண்ட இடைவெளி அந்த ஆட்டத்தைப்போல 1.34 மடங்கு. அவ்வளவுதான் t.

அட்டவணையில் 18 படிகளுக்கு, 5 சதவீத நிலையில், இருபக்கச் சோதனைக்கான எல்லை 2.101. நம்முடையது 1.34. எல்லையைத் தொடவில்லை, ஆகவே இன்மை எடுகோளை நிராகரிக்க இயலாது.

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இதையே சரிபார்த்தோம். எண்களை B, C நிரல்களில் இட்டு

```
=T.TEST(B2:B11,C2:C11,2,2)
```

என்று கொடுத்தால் சுமார் 0.196 வரும். முதல் 2 இருபக்கச் சோதனையைக் குறிக்கிறது. இரண்டாவது 2, இரு கடைகளின் சிதறலும் ஏறத்தாழச் சமம் என்று கொள்வதைக் குறிக்கிறது. சிதறல்கள் வெகுவாக வேறுபட்டால் அங்கே 3 இட வேண்டும்.

விடையை எப்படிச் சொல்வது?

மாணவர்கள் எழுதிய விளக்கங்களில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன. "கடைகள் சமமாக இருப்பதற்கு 19.6 சதவீத வாய்ப்பு" என்று சிலர் எழுதினார்கள். அது தவறு. கடைகள் சமம் என்றே வைத்துக்கொண்டால், ஒரு மதிப்பெண்ணோ அதற்கு மேலோ இடைவெளி தற்செயலாக வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று என்பதே சரி. குலுக்கிய தட்டை நினைவூட்டியதும் இது புரிந்தது. முதலில் கலக்கினோம், அதாவது சமம் என்று கொண்டோம். பிறகுதான் எண்ணினோம்.

"கடைகள் இரண்டும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது" என்பது இரண்டாவது தவறு. இதற்கு இன்னொரு சிறு கணக்குப் போட்டேன். 2.101ஐ 0.745 ஆல் பெருக்கினால் 1.57. எனவே திருப்பூர்க் கடை பெருமாநல்லூர்க் கடையைவிட 2.57 மதிப்பெண் வரை மேலாகவும் இருக்கலாம், 0.57 வரை கீழாகவும் இருக்கலாம். 95 சதவீத நம்பிக்கை இடைவெளி இதுதான். இவ்வளவு அகன்ற இடைவெளியை வைத்து யாரையும் தண்டிக்கவும் முடியாது, பாராட்டவும் முடியாது.

சீட்டுகள் கூடினால் நிலைமை மாறும். இதே சராசரிகளும் இதே சிதறலும் கடைக்கு நாற்பது சீட்டுகளில் வந்திருந்தால் திட்டப்பிழை 0.373 ஆகும், t 2.68 ஆகும். அப்போது எல்லை சுமார் 1.99தான், அதைத் தாண்டிவிடும். ஒரே ஒரு மதிப்பெண் இடைவெளிக்குப் பத்துச் சீட்டில் ஒரு பொருள், நாற்பது சீட்டில் வேறு பொருள்.

சோதனை பார்க்காதது

சீட்டுகள் எப்போது எழுதப்பட்டவை என்று கேட்டு வரும்படி மாணவியிடம் சொல்லியிருந்தேன். அவளுடைய அம்மா சொன்ன விவரம் கணக்கைவிட முக்கியமானதாக இருந்தது. பெருமாநல்லூர்ப் பெட்டியை வைத்தது சனிக்கிழமை மாலை. பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கைக்கு வந்து, குடும்பத்தோடு கடைக்கு வரும் நேரம். இரண்டு பேர் நின்று நாற்பது பேருக்கு எடுத்துக் காட்ட வேண்டியிருக்கும். திருப்பூரில் பெட்டி வைத்ததோ புதன்கிழமை காலை. t எவ்வளவு வந்திருந்தாலும், அந்த வேறுபாடு கடையினுடையதா கிழமையினுடையதா என்று சோதனை சொல்லாது.

இன்னொன்றையும் கேட்டறிய வேண்டும். இரண்டு கடைகளிலும் ஒரே ஆள் சீட்டு எழுதியிருந்தால் மாதிரிகள் சார்பற்றவை அல்ல. ஒரே நபர் இரு கடைகளுக்கும் தந்த மதிப்பெண்களின் வித்தியாசத்தை எடுத்துச் செய்யும் இணைச் சோதனைதான் அங்கே பொருந்தும். மாணவர்களின் முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களை ஒப்பிடும்போது நாமும் இதே தவறைச் செய்துவிட வாய்ப்புண்டு. ஒரே பிள்ளைகள் இருமுறை எழுதியவை அவை.

வெள்ளிக்கிழமை மாலை அந்த மாணவியும் நானும் கணக்குத் தாளோடு கடைக்குப் போனோம். உரிமையாளர் பொறுமையாகக் கேட்டார். "அப்ப ரெண்டு கடையும் ஒண்ணுதானுங்களா டீச்சர்?" என்று என்னைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் அவள் சொன்னாள்: "அப்படி இல்லைங்க. இன்னும் தெரியலைங்க. ரெண்டு கடைலயும் ஒரே சனிக்கிழமை பெட்டி வைங்க. நாப்பது நாப்பது சீட்டு சேரட்டும். நாங்களே கணக்குப் போட்டுத் தர்றோங்க."

அவர் தாளை மடித்துப் பில் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். போனஸ் முடிவைச் சீட்டு சேரும்வரை தள்ளிவைப்பதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமைக்கு எண்பது வெற்றுச் சீட்டுகளை எங்கள் வகுப்பு வெட்டிக்கொண்டிருக்கிறது.