காதால் ஏறும் பாட்டு

எங்கள் பஜனைக் குழுவில் பாடும் ஆறு பாட்டிகளுக்கும் எழுத்து தெரியாது. மார்கழிக்கென்று நாங்களே கட்டிய நாலு கண்ணி முருகன் பாட்டை வாட்ஸ்அப் குரல்பதிவில்தான் சொல்லிக் கொடுத்தோம். கண்ணிக்கு நாலு நாள் என்று கணக்கு வைத்து, கார்த்திகை பிறந்ததுமே தொடங்கிவிட்டோம்.

முதலில் சுருதி. ஐந்து கட்டையில் பழகிய என் குரலுக்கு வசதியாகப் பாடி அனுப்பினால், அவர்கள் மேலே எட்டாமல் பாதியில் இறக்கிவிடுவார்கள். அதனால் நேரில் ஒருமுறை பாடவைத்து, அவர்களுக்குச் சிரமமில்லாத கட்டையைக் கேட்டு வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு பதிவையும் அந்தச் சுருதியை முனகிவிட்டே தொடங்குவேன்.

ஒரு பதிவுக்கு ஒரு வரிதான். பாடிவிட்டு, அதே வரியைப் பாட ஆகும் நேரம் வாயை மூடிக்கொள்ளுங்கள். பிறகு மீண்டும் பாடுங்கள். அந்த இடைவெளியில்தான் பாட்டி பாடுவார். விளக்கம் வேண்டுமானால் தனிப் பதிவாக அனுப்பலாம். பாட்டு நடுவே பேசினால் அதையும் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுவார்கள்!

குரல்பதிவுகளை வரிசையாக அனுப்பினால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கும். அதைத் தடுக்க ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரு படம் போட்டோம்: சிலம்பு, இடைக்கச்சை, வேல், முகம். பாட்டைப் பாதாதிகேசமாகக் கட்டியிருந்ததால் படமே அடையாளமாகவும் ஆயிற்று. எந்தக் கண்ணி அடுத்தது என்று தெரிய, காலிலிருந்து மேலே போனால் போதும்.

சிக்கல் சொல்லில் வந்தது. ‘கழலிணை’ என்று பாடி அனுப்பினேன். மூன்று பேரிடமிருந்து ‘கல்லிணை’ என்று திரும்பி வந்தது. தெரியாத சொல்லைக் காது தெரிந்த சொல்லாக்கிக்கொள்கிறது. உச்சரிப்பை நூறு தடவை அழுத்தினாலும் பயனில்லை. “கழல்னா வீரர் காலில் போடுற தண்டைம்மா, முருகனோட ரெண்டு காலையும் சொல்றோம்” என்றதும் சரியானது. இதைத் தவிர்க்க, புதுச்சொல்லுக்குப் பொருளை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாளே ஒவ்வொருவரையும் தனியாகப் பாடி அனுப்பச் சொல்லுங்கள். குழுவில் கேட்டால் கூச்சப்படுவார்கள், உங்களுக்கு மட்டும் என்றால், “கண்ணு, சரியா வந்திச்சா?” என்ற பின்குறிப்போடு வரும்.

நீங்களே தப்பாகப் பாடி அனுப்பிவிட்டால் உடனே ‘எல்லோருக்கும் அழி’ கொடுங்கள். திருத்திய பதிவை மட்டும் பின்னால் போட்டால், யாராவது ஒருவர் பழையதையே பிடித்துக்கொள்வார். யாராவது திடீரென்று வேகமாகப் பாடினால் போனை வாங்கிப் பாருங்கள். விரல் பட்டு 1.5 மடங்கு வேகத்தில் ஓடியிருக்கும்.

கடைசியில் ஒட்டு வேலை. வரிகள் தனித்தனியே நன்றாக வரும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் நின்றுவிடுவார்கள். அதற்கென்று முந்தைய வரியின் கடைசி இரண்டு சொல்லையும் அடுத்த வரியின் முதல் இரண்டு சொல்லையும் சேர்த்துப் பாடிய குட்டிப் பதிவுகளை அனுப்பினேன். ஏழு பதிவுகள். முழுப் பாட்டை எட்டாவதாக, அவர்கள் கேட்ட பிறகுதான் அனுப்பினேன்.