பதினைந்து நிமிடப் பாடம்: சக மாணவருக்குக் கற்பிப்பது எப்படி?

உங்கள் வகுப்புத் தோழர் ஐந்தாறு பேருக்கு, பாடநூலின் ஒரு பகுதியைக் கற்பிக்கும்படி ஆசிரியர் சொல்லியிருக்கிறார் என வைத்துக்கொள்வோம். பகுதி, பின்னங்களைக் கூட்டல். நேரம் 15 நிமிடம்.

முதலில் அப்பகுதியை முழுவதும் வாசித்து, ஒன்றை மட்டும் தெரிந்தெடுங்கள். கலப்பு எண்களும் கழித்தலும் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். “பாடம் முடிந்ததும் என் தோழர் 1/2 + 1/3 போன்ற கணக்கைப் படம் வரைந்து செய்வார்” என்று கொப்பியில் எழுதுங்கள். இதற்கு உதவாத எதையும் பாடத்தில் சேர்க்க வேண்டாம்.

முதல் 2 நிமிடம்: 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டு, ஒவ்வொருவரையும் விடையை எழுதச் செய்யுங்கள். சிலர் மேலதை மேலதோடும் கீழதைக் கீழதோடும் கூட்டி 2/5 என எழுதுவர். உடனே பிழையென்று சொல்லாதீர்கள். “2/5 அரைவாசியிலும் குறைவு. அரைவாசியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தபின் அது குறையுமா?” என்று கேளுங்கள்.

அடுத்த 4 நிமிடம் விளக்கம். சதுரக் கொப்பித் தாளில் ஆறு கட்டங்கள் கொண்ட பட்டி ஒன்றை வரையுங்கள். அதில் அரைவாசி 3 கட்டம். மூன்றிலொன்று 2 கட்டம். ஆகவே மொத்தம் ஆறில் 5 கட்டம், அதாவது 5/6. இரண்டாலும் மூன்றாலும் மீதியின்றிப் பிரிபடுவதால்தான் ஆறு கட்டம் எடுத்தோம் என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்த 5 நிமிடம் செயற்பாடு. இருவர் இருவராக 1/4 + 1/3 ஐச் செய்யட்டும். பட்டிக்கு எத்தனை கட்டம் என்பதை அவர்களே தீர்மானிக்க வேண்டும். ஏழு கட்டம் எடுத்தவர்கள் அதை நான்காகப் பிரிக்க முயன்றதும் தாமே நின்றுவிடுவர். பன்னிரண்டு எடுத்தால் 3 கட்டமும் 4 கட்டமும் சேர்ந்து 7/12 வரும்.

பின்னர் 3 நிமிடம் சோதனை. “விளங்கினதா?” என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவர், அதிலிருந்து ஒன்றும் அறிய முடியாது. 1/2 + 1/5 ஐத் தனித்தனியே செய்து, ஒரே நேரத்தில் தாளை உயர்த்திக் காட்டச் சொல்லுங்கள். சரியான விடை 7/10. ஒருவர் 2/7 என எழுதினால், பழைய பிழை இன்னும் போகவில்லை. 2/10 என எழுதினால், கீழே பத்தைப் போட்டவர் மேலுள்ள எண்களை மாற்ற மறந்துவிட்டார். பத்துக் கட்டப் பட்டியில் அரைவாசியை நிழற்றச் சொன்னால், அது ஒன்றல்ல, ஐந்து கட்டம் என்று அவரே காண்பார்.

கடைசி ஒரு நிமிடத்தில், கட்டங்களின் எண்ணிக்கையை எப்படித் தீர்மானித்தோம் என்பதைத் தோழர் ஒருவரே சொல்லட்டும்.

விளக்கம் நீண்டு நேரம் போய்விட்டால், செயற்பாட்டில் சிறிது குறையுங்கள். சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். முதல் நாள் மாலை, வீட்டில் தம்பி தங்கையை முன்னால் இருத்தி, மணிக்கூட்டைப் பார்த்து ஒருமுறை நடத்திப் பாருங்கள். நான்கு நிமிட விளக்கம் எட்டாக நீள்வது அப்போதே தெரிந்துவிடும்.