இணையதளப் பொறுப்பாசிரியர் தேவை: அறிவிப்பை எப்படி எழுதுவது?

குடியிருப்போர் நலச் சங்கங்கள் வெளியிடும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே வரிதான்: ‘இணையதளத்தைப் பராமரிக்கத் தன்னார்வலர் தேவை, கம்ப்யூட்டர் தெரிந்திருப்பது விரும்பத்தக்கது.’ இதைப் பார்த்து வருகிறவர் பெரும்பாலும் பொறியியல் படிக்கும் ஒரு பிள்ளை. ஆர்வமாகத் தளத்தின் தோற்றத்தை மாற்றித் தருவார், தேர்வோ வேலையோ வந்ததும் போய்விடுவார். தளம் பழையபடி கிடக்கும். அப்படிக் கிடக்கும் தளத்தைத் திறந்து பாருங்கள். முந்தைய நிர்வாகிகளின் பெயர், மாற்றலாகிப் போன அதிகாரியின் எண், முடிந்துபோன பொதுக்குழுவுக்கு அழைப்பு. இதில் எதுவும் தொழில்நுட்பக் கோளாறு இல்லை. கேட்டுச் சரிபார்த்து எழுத ஆள் இல்லை, அவ்வளவுதான். ஆகவே நீங்கள் தேடுவது ஒரு பத்திரிகையாசிரியரை. பணிகளையும் அப்படியே எழுதுங்கள்: செய்தி சேகரிப்பது, சரிபார்ப்பது, எழுதுவது, காலாவதியானதை நீக்குவது.

எல்லோரும் தடுமாறுவது வார நேரத்தைச் சொல்லும் இடத்தில். ‘ஓய்வு நேரத்தில் செய்தால் போதும்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அறிவிப்பு வெளியிடும் முன் இரண்டு வாரம், சங்கத்துக்கு வரும் செய்திகளைச் செயலாளர் ஒரு நோட்டில் குறித்து வைக்கட்டும். சென்னைத் தெரு ஒன்றில் மழைநீர் வடிகாலுக்காகப் பள்ளம் தோண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப்பில் வந்த தகவலில் எந்தத் தெரு என்பது தெளிவாக இராது, எப்போது முடியும் என்பதும் இராது. மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரைப் பிடித்துக் கேட்க வேண்டும். குப்பை வண்டி எந்த முனையில் நிற்கும், கார்களை எங்கே நிறுத்துவது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதற்கே இருபது நிமிடம் ஆகும், எழுதுவதற்குப் பத்து. தேதி தள்ளிப்போனால் அதே பக்கத்தைத் திருத்த இன்னொரு பத்து. ஒரு செய்திக்கு நாற்பது நிமிடம் என்றால், வாரம் மூன்று செய்திக்கு இரண்டு மணி நேரம். கூட்டக் குறிப்புகளை ஏற்றவும் பழைய பக்கங்களைப் பார்க்கவும் ஒரு மணி நேரம். ஆக, வாரத்துக்கு மூன்று மணி நேரம். உங்கள் பகுதியின் கணக்கு வேறாக இருக்கலாம், நோட்டில் வந்ததையே எழுதுங்கள்.

மூன்று மணி நேரம் என்றால் யாரும் வரமாட்டார்கள் என்று செயற்குழுவில் ஒருவர் சொல்வார். பத்துப் பேர் வராமல் போகலாம், உண்மைதான். ஆனால் நேரம் தெரியாமல் வருகிறவர், சுமை தெரிந்த மாதமே விலகுவார். தெரிந்து வருகிற ஒருவர் போதும். வாட்ஸ்அப் குழுவே போதுமே என்பது இன்னொரு வாதம். அவசரச் செய்திக்குப் போதும். ஆனால் பள்ளம் தோண்டும் தேதி மூன்று முறை மாறினால் குழுவில் மூன்று தேதியும் கிடக்கும், எது கடைசி என்று தேட வேண்டும். நேற்றுக் குடிவந்தவர் குழுவிலேயே இருக்கமாட்டார். செய்தியைத் தளத்தில் வைத்து, குழுவில் அதன் இணைப்பை மட்டும் போட்டால் இரண்டும் தீரும்.

தகுதிகளில் முதலில் நிற்க வேண்டியது, பிழையில்லாத தமிழில் ஐந்து வரி எழுதுவது. அடுத்தது யூனிகோடில் தட்டச்சு. கூட்டக் குறிப்பைப் பழைய எழுத்துருவில் அடித்துத் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதை அப்படியே தளத்தில் ஒட்டினால் தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்துகள் வரும். யூனிகோடுக்கு மாற்றி, ஒருமுறை முழுதும் படித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். வேர்ட்பிரஸில் பதிவு இடுவதையும் படத்தைச் சுருக்குவதையும் ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம், அவற்றைத் தகுதியாகக் கேட்காதீர்கள்.

அதிகாரத்தையும் எழுதிவிடுங்கள். தண்ணீர், மின்தடை, சாலைப் பணி போன்றவற்றை ஆசிரியரே வெளியிடலாம். கணக்கு, வழக்கு, உறுப்பினர் புகார் என்றால் செயலாளரின் ஒப்புதல் வேண்டும். உறுப்பினரின் தொலைபேசி எண்ணை அவர் சம்மதமில்லாமல் ஏற்றக்கூடாது. தளப் பெயரின் பதிவும் கடவுச்சொல்லும் சங்கத்தின் பொது மின்னஞ்சலில்தான் இருக்க வேண்டும். தனி ஒருவர் மின்னஞ்சலில் இருந்தால், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அவரோடு போய்விடும்.

எல்லாம் சேர்ந்தால் அறிவிப்பு இப்படி வரும்: ‘சங்க இணையதளத்துக்குப் பொறுப்பாசிரியர் தேவை. வாரம் மூன்று செய்திகளை விசாரித்துத் தமிழில் எழுதி வெளியிட வேண்டும், பழையதை நீக்க வேண்டும். வாரம் மூன்று மணி நேரம், வீட்டிலிருந்தே செய்யலாம். ஓராண்டுப் பொறுப்பு, ஊதியம் இல்லை. தண்ணீர், மின்தடை, சாலைப் பணி போன்ற செய்திகளை ஆசிரியரே வெளியிடலாம், கணக்கு, வழக்கு, உறுப்பினர் புகாருக்குச் செயலாளரின் ஒப்புதல் வேண்டும். பிழையில்லாமல் தமிழ் எழுதவும் யூனிகோடில் தட்டச்சு செய்யவும் தெரிய வேண்டும், மற்றதைக் கற்றுத்தருவோம்.’ இதை வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல் அச்சடித்து நூலகத்திலும் மளிகைக் கடையிலும் ஒட்டுங்கள். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியரோ அலுவலக எழுத்தரோ உங்கள் தெருவில் இருந்தால், நேரில் போய்க் கேளுங்கள்.