புலனுக்கேற்ற பயணம்

நுழையும்முன்

ஓர் ஊரைக் கண்ணால் மட்டுமே காண இயலும் என்று எண்ணுகிறோம். 'சுற்றிப் பார்த்தல்' என்னும் சொல்லே அவ்வெண்ணத்தில் பிறந்ததுதான். பார்வையற்ற ஒருவரும் செவித்திறன் குறைந்த ஒருவரும் அதே ஊருக்கு இன்பச் சுற்றுலா சென்றால் அவர்கள் எதைத் தேர்வர்? கடலூரையும் சிதம்பரத்தையும் சான்றாகக் கொண்டு அவ்வினாவுக்கு விடை காண்கிறது இப்பாடம்.

முதல் வினா

பயணம் திட்டமிடுவோர் 'அங்கே எது புகழ்பெற்றது?' என்று முதலில் கேட்பது வழக்கம். புலன் குறைபாடுடைய பயணிக்கு அவ்வினா போதாது. 'அவ்விடம் எந்தப் புலனுக்குத் தன்னைத் தருகிறது?' என்பதே அவருக்குரிய முதல் வினா. உயரமான ஒரு காட்சிக் கோபுரம் தன்னிடமுள்ள அனைத்தையும் கண்ணுக்கே தருவது. பார்வையற்றவர் அதன் படிகளில் ஏறினால் அவருக்கு எஞ்சுவது மூச்சு வாங்குதலும் காற்றுமே. கடற்கரையோ செவிக்கும் தோலுக்கும் மூக்குக்கும் ஒருசேரத் தருவது.

கல்லூரித் தோழர் இருவர் ஒருநாள் பயணமாகப் புறப்படுகின்றனர் எனக் கொள்வோம். ஒருவர் பிறவியிலேயே பார்வையற்றவர். மற்றவர் காதொலிக் கருவி அணிந்தும், பேசுவோரின் உதட்டசைவைக் கண்டும் உரையாடுபவர். அவர்களுடன் நண்பர் ஒருவரும் துணையாகச் செல்கிறார். காலையில் கடலூர் வெள்ளிக் கடற்கரை, முற்பகலில் பிச்சாவரம், மாலையில் தில்லை நடராசர் கோயில் என்பது அவர்களது திட்டம். மூவரும் செல்லும் இடங்கள் ஒன்றே. ஆயினும் ஒவ்வோரிடத்திலும் அவர்கள் தேடுவது வேறு.

கடலே வழிகாட்டி

தேவனாம்பட்டினத்தை ஒட்டிய வெள்ளிக் கடற்கரையில் பார்வையற்றவர் பிறர் கையைப் பற்றாமலே நெடுந்தொலைவு நடக்கலாம். கீழைக் கடற்கரையில் வடக்கு நோக்கி நடப்பவருக்கு அலையோசை வலப்புறமே கேட்கும். இளங்காலை வெயிலும் வலக்கன்னத்தில் படும். திரும்புகையில் இரண்டும் இடப்புறம் மாறும். அலை வந்து மீளும் ஈரமணல் கெட்டியாகவும், அதற்கு மேலுள்ள உலர்மணல் கால் புதையும்படியும் இருக்கும். இவ்விரண்டின் எல்லையே அவருக்குப் பாதையாகிறது. நண்பகலில் வெயில் திசை காட்டாது. கூட்டம் மிகுந்தால் அலையோசையும் தெளிவாகக் கேளாது. அதனாலேயே காலைப்பொழுது தேரப்பட்டது.

செவித்திறன் குறைந்தவருக்குக் கடற்கரையில் இடையூறு வேறு வகையானது. காற்று காதொலிக் கருவியின் ஒலிவாங்கியில் மோதி இரைச்சலாகிறது. பின்னாலிருந்து விடுக்கும் எச்சரிக்கைக் குரல் அவருக்கு எட்டாது. ஆகவே நீரருகே செல்லுமுன், கையை உயர்த்தினால் 'திரும்பி வா' என்பது போன்ற சைகைகளை மூவரும் பேசி வைத்துக்கொள்ளுதல் வேண்டும். நீரில் கால் நனைப்பதாயின் கருவியைக் கழற்றி நீர்புகா உறையில் இடல் வேண்டும்.

துடுப்பா, பொறியா?

சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள பிச்சாவரத்தில் அலையாத்திக் காட்டினூடே படகில் செல்லலாம். துடுப்புப் படகும் விசைப்படகும் அங்கு உண்டு. பார்வையற்ற பயணியின் நாள் இனிதாவதும் வீணாவதும் இத்தேர்வைப் பொறுத்தது. விசைப்படகின் பொறியோசை காட்டின் ஓசைகள் அனைத்தையும் விழுங்கிவிடும். துடுப்புப் படகோ குறுகிய கால்வாய்களுள் நுழையும். அங்கே தலைமேல் கிளைகள் கவிந்ததும் வெயில் அகன்று தோல் குளிர்கிறது. துடுப்பின் ஒலி இருபுறமும் நெருங்கிக் கேட்கிறது. கால்வாய் ஒடுங்கியதைப் பயணி தாமே உணர்கிறார்.

படகில் ஏறுகையில் துணைவர் அவரைத் தூக்கவோ இழுக்கவோ கூடாது. அவரது கையைப் படகின் விளிம்பில் வைத்து, எவ்வளவு ஆழத்தில் அடி வைக்க வேண்டும் என்று கூறினால் போதும். உயிர்காப்பு மேலாடை அணிந்து, ஏறியவுடன் அமர்தல் வேண்டும். கிளை தாழ்ந்து வருமுன் 'குனியுங்கள்' என்று உரைத்தல் வேண்டும். எஞ்சிய நேரத்தில் இடைவிடாத வருணனை வேண்டியதில்லை. இரண்டு வாக்கியம் கூறிவிட்டுச் சற்று அமைதி காத்தால், அவர் கேட்க வந்ததைக் கேட்பார்.

சுரபுன்னையின் தாங்கு வேர்கள் வில்போல் வளைந்து நீரில் இறங்குவதைக் கையால் தடவி அறியலாம். ஆனால் தொட்டறிதலுக்கு இக்காட்டில் ஓர் எல்லை உண்டு.

தெரிந்து தெளிவோம்
சிதம்பரத்திற்குத் 'தில்லை' என்னும் பெயரைத் தந்தது தில்லை மரம். அதன் இலையையோ கிளையையோ ஒடித்தால் வெண்ணிறப் பால் வடியும். அப்பால் தோலைப் புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையைத் தற்காலிகமாக இழக்கவும் நேரும். எனவே படகோட்டி இனங்காட்டிய மரத்தையன்றி வேறெதையும் தொடலாகாது. தொட்ட கையைக் கழுவும்வரை கண்ணருகே கொண்டு செல்லலாகாது.

செவித்திறன் குறைந்தவரை முதுகு காட்டி அமரச் செய்யாமல், படகோட்டியின் முகம் தெரியும்படி அமர்த்துதல் வேண்டும். நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி படகோட்டியின் முகத்துக்குப் பின்னிருந்து வீசினால் உதட்டசைவு தெரியாது. இருக்கையை மாற்றிக்கொள்வதே தீர்வு.

கல்லில் நடனம்

நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் நாட்டிய சாத்திரம் கூறும் 108 கரணங்கள் சிற்பங்களாக உள்ளன. கேளாதவர்க்கு இதனினும் பொருத்தமான இடம் அரிது. முழுநடனமும் அங்கே கண்ணுக்கென்றே நிற்கிறது. எனினும் வழிகாட்டுவோர் இங்குத்தான் பெரும்பாலும் பிழை செய்கின்றனர். சிற்பத்தைச் சுட்டிக்கொண்டே பேசுகின்றனர். கேட்பவர் செவியால் கேட்டுக்கொண்டே கண்ணால் காண்பார். கேளாதவருக்கோ இரண்டுக்கும் கண் ஒன்றே. உதட்டை நோக்கினால் சிற்பத்தை இழப்பார். சிற்பத்தை நோக்கினால் சொல்லை இழப்பார். ஆதலின் முதலில் முகம் நோக்கி விளக்குதல், அடுத்துச் சிற்பத்தைச் சுட்டுதல், பின்னர் அவர் மீண்டும் முகம் நோக்கும்வரை காத்திருத்தல் என்னும் வரிசையைப் பின்பற்றுதல் வேண்டும். நூறு சிற்பங்களை விரைந்து கடப்பதைவிட, இவ்வாறு பத்துக் கரணங்களைக் காண்பது மேலானது.

கல் மண்டபங்களில் எதிரொலி மிகுதி. காதொலிக் கருவி பேச்சையும் எதிரொலியையும் சேர்த்தே பெருக்குவதால், உரத்துப் பேசுவது பயன் தராது. வெளிச்சமுள்ள திறந்த திருச்சுற்றில் விளக்கத்தை முடித்துவிட்டு உள்ளே செல்வது நன்று. அவர் தலையசைப்பதால் மட்டும் புரிந்துகொண்டார் என்று கொள்ளலாகாது. புரியாதபோதும் பலர் தலையசைப்பதுண்டு. 'எந்த வாயிலுக்கு முதலில் செல்வோம்?' என்பது போல ஒரு வினா எழுப்பினால் உண்மை விளங்கிவிடும்.

மாலை வழிபாட்டின் மணியோசை பார்வையற்ற தோழருக்குரிய நேரம். மண்டபத்தின் அகலத்தையும் உயரத்தையும் அவ்வோசை அவருக்கு உணர்த்துகிறது. மற்றவர் தம் கருவியின் ஒலியளவைக் குறைத்துக்கொள்வார்.

தேர்வு யாருடையது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் பங்கேற்பதை உரிமையாக ஏற்கிறது. அவ்வுரிமை நடைமுறையில் தொடங்குமிடம் திட்டமிடும் மேசையே. 'உங்களால் இயலாது' என்று பிறர் நீக்கிய இடம் அவர் விரும்பியதாக இருக்கலாம். பார்வையற்றவர் கோபுரச் சிற்பங்களைப் பற்றிக் கேட்டறிய விரும்பலாம். கேளாதவர் விசைப்படகின் விரைவை நாடலாம். ஓசை, ஒளி, தொடக்கூடியவை, தொடலாகாதவை ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்துரைப்பது துணைவரின் கடமை. அவற்றுள் எதைக் கொள்வது என்பதைப் பயணியே முடிவு செய்வார்.

கற்பவை கற்றபின்
1. உங்கள் ஊரிலுள்ள ஓரிடத்திற்குச் சென்று, அது கண், செவி, மூக்கு, தோல் ஆகிய ஒவ்வொன்றிற்கும் தருவன யாவை எனப் பட்டியலிடுக.
2. சிற்பம் ஒன்றைப் பார்வையற்ற நண்பர் மனத்தில் உருவகித்துக்கொள்ளும் வகையில் ஐந்து வாக்கியங்களில் எழுதுக.
3. 'கேளாதவருக்கு இரண்டுக்கும் கண் ஒன்றே' – இக்கூற்றை வகுப்பறைச் சூழலோடு பொருத்திக் கலந்துரையாடுக.