கல்யாணப் பத்திரிகை புரூஃப் வந்தாச்சா? ஓ.கே. சொல்லும் முன் ஒரு பார்வை!

மூன்று மடிப்புப் பத்திரிகைதான் இப்போது நிறைய வீடுகளில் அடிக்கிறார்கள். அச்சகம் புரூஃப் அனுப்பி, நாம் ஓ.கே. சொன்னதும் பிளேட் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு ஓர் எழுத்தை மாற்றினாலும் புது பிளேட்டுக்கும் ஓடிய தாளுக்கும் நாம்தான் காசு கொடுக்கணும். ஒரு சாயங்காலம் ஒதுக்கி இதையெல்லாம் பார்த்துவிடுங்கள்.

1. போன் திரையில் பார்த்து ஓ.கே. சொல்லவே சொல்லாதீர்கள். பி.டி.எஃப்-ஐ ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது 'Fit' வேண்டாம், 'Actual size' என்று வைக்கச் சொல்லுங்கள். கையில் வந்ததும் ஸ்கேல் வைத்து அளந்து, சொன்ன அளவு சரியாக இருந்தால் மட்டும் மேலே போகலாம்.

2. எழுதிக் கொடுத்த மூலத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் புரூஃபில் விரல் வைத்துத் தொடரட்டும். புரூஃபைப் பார்ப்பவர் இதுவரை அந்தப் பத்திரிகையைப் பார்க்காத ஆளாக இருந்தால் ரொம்ப நல்லது. நமக்கு மனப்பாடம் ஆகிவிட்டதால், இல்லாத எழுத்தும் இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியும்.

3. பெயர்களுக்கு மட்டும் தனியாக இன்னொரு சுற்று. கடைசிப் பெயரில் தொடங்கி மேலே போங்கள். முன்னெழுத்து, படிப்பு, அமரர் என்ற அடைமொழி சரியான பெயருக்கு முன்னால் இருக்கிறதா, எல்லாவற்றையும் பாருங்கள். சம்பந்தி வீட்டுப் பெயர்களை அவர்களே பார்த்துச் சொல்வதுதான் முறை; அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. தேதியும் கிழமையும் ஒத்துப்போகணும். முகூர்த்தம் 2026 ஆகஸ்ட் 30 என்றால் அது ஞாயிறு. முதல் நாள் மாலை வரவேற்பு 29, சனி. அச்சகத்தில் பழைய பத்திரிகை ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே நம் விவரத்தை அடிப்பது வழக்கம், அதனால் ஒன்றை மாற்றிவிட்டு மற்றதை மறந்துவிட வாய்ப்புண்டு. தமிழ் ஆண்டுப் பெயரையும் விடாதீர்கள்: 2026 சித்திரை முதல் பராபவ ஆண்டு, போன வருஷ ஃபைலில் விசுவாவசு என்றுதான் இருக்கும். தமிழ் மாதத் தேதி, திதி, நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சரிபாருங்கள்.

5. நாம் போனில் அடிக்கும் தமிழ் ஒரு வகை, பல அச்சகங்கள் பயன்படுத்தும் பழைய தமிழ் எழுத்துரு வேறு வகை. மாற்றும்போது எழுத்து உடையும். கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதன் எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்து நிற்கும். புள்ளி காணாமல் போகும். ஸ்ரீ, க்ஷ வரும் இடத்தில் கட்டம் விழும். ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் ஒரு தடவை ஓட்டமாகப் பார்த்தாலே இதில் பாதி அகப்பட்டுவிடும். ண-ன, ல-ள-ழ, ர-ற சிக்கலுக்குக் குறுக்கு வழி கிடையாது, நிதானமாகத்தான் படிக்கணும்.

6. போன் நம்பரைக் கண்ணால் சரிபார்க்க வேண்டாம். புரூஃபில் இருப்பதைப் பார்த்து அப்படியே டயல் செய்யுங்கள். மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் கோடு இருந்தால், அச்சடித்த தாளிலிருந்தே இரண்டு மூன்று போன்களில் ஸ்கேன் செய்து, அதே பெயரில் உள்ள வேறு மண்டபத்துக்குப் போகவில்லையே என்று பாருங்கள். அளவு 2 செ.மீ-க்குக் குறையாமல், சுற்றிலும் கொஞ்சம் வெற்று இடம் இருக்கட்டும். டிசைனுக்குள் புதைத்துவிட்டால் சில போன்கள் படிக்காது.

7. ஒரு பக்கம் முழுக்க மணமக்கள் படம் வருகிறதென்றால் அகலம் சுமார் 4 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி கணக்கில் 1200 பிக்சலாவது அகலம் வேணும். கேலரியில் படத்தின் விவரத்தைத் தொட்டால் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப் போகும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். புரூஃபில் கண் இமையும் நகை ஓரமும் படிக்கட்டு மாதிரி தெரிந்தால், ஒரிஜினலைத் திரும்ப அனுப்பிவிட்டுப் புது புரூஃப் கேளுங்கள்.

8. இடத்துக்குப் பொருந்த வேண்டுமென்று டிசைனர் சில சமயம் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார். சேலை முந்தானை இடது தோளில் இருக்கிறதா பாருங்கள், வலது தோளுக்குப் போயிருந்தால் படம் திரும்பியிருக்கிறது. பிள்ளையார் படத்தில் தும்பிக்கை எந்தப் பக்கம் வளைகிறது என்பதையும் நீங்கள் கொடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள்; வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

9. திரையில் பளீரென்று தெரிகிற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் மையில் கொஞ்சம் மங்கித்தான் விழும். ஜெராக்ஸ் கடைப் பிரதி அளவுக்கும் எழுத்துக்கும்தான் உதவும். நிறத்துக்கு, அச்சகம் தரும் கலர் புரூஃபைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் நின்று பாருங்கள். தங்க ஃபாயில் எந்த புரூஃபிலும் தங்கமாகத் தெரியாது, மஞ்சளாகவோ கறுப்பாகவோதான் இருக்கும். அதற்குப் பழைய மாதிரி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

10. ஓரம் வரை நிறமோ படமோ போகிறதென்றால், வெட்டுக்கோட்டைத் தாண்டி அரைக்கால் அங்குலம், அதாவது 3 மி.மீ., அது வெளியே நீண்டிருக்கணும். இதைத்தான் ப்ளீட் என்பார்கள். கட்டு கட்டாக வெட்டும்போது கத்தி துளி நகர்ந்தாலும், ப்ளீட் இல்லாத இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும். ஏ4 அளவுப் பத்திரிகைக்கு ப்ளீட் சேர்த்து 303க்கு 216 மி.மீ. இருக்கிறதா என்று நான்கு பக்கமும் அளந்து பாருங்கள்.

11. உள்பக்கமும் அதே மாதிரி கவனம் வேணும். வெட்டுக்கோட்டிலிருந்து 5 மி.மீ. உள்ளே பென்சிலால் கட்டம் போடுங்கள். எந்த எழுத்தும் அந்தக் கோட்டைத் தொடக்கூடாது. ஓரத்தை ஒட்டிய மெல்லிய பார்டர் அழகுதான், ஆனால் 2 மி.மீ-இல் வைத்தால் கத்தி 1 மி.மீ. நகர்ந்ததுமே ஒரு பக்கம் 1, எதிர்ப்பக்கம் 3 என்று கோணலாகக் காட்டிக்கொடுக்கும். உள்ளே தள்ளச் சொல்லுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

12. மடிப்பில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மூன்று பாகமும் சமமாக இருந்தால் உள்ளே போகும் பாகம் முட்டிக்கொண்டு வளையும். ஏ4-இன் 297 மி.மீ-இல் 100, 100, 97 என்று பிரித்து, 97-ஐ உள்ளே மடிக்கணும். உள்பக்கத்தில் அந்த 97 வலது ஓரம், தாளைத் திருப்பினால் இடது ஓரம். இரண்டு பக்கத்திலும் ஒரே ஓரத்தில் இருந்தால், படமும் எழுத்தும் மடிப்பைத் தாண்டி வழியும். இரண்டு பிரதியையும் முதுகோடு முதுகாக ஒட்டி, வெட்டி, மடித்துப் பாருங்கள்: பிள்ளையார் முகப்பில் வரணும், பின்பக்கம் தலைகீழாக இருக்கக்கூடாது, யார் பெயரும் மடிப்புக்கோட்டில் மாட்டக்கூடாது. அப்படியே கவருக்குள் நுழைத்தும் பார்த்துவிடுங்கள்.

13. 250 ஜி.எஸ்.எம். அட்டையில் அடர்ந்த மெரூன் நிறம் மடிப்பின் மேல் வந்தால், மடித்த இடம் வெடித்து வெள்ளையாகத் தெரியும். மடிப்பதற்கு முன் க்ரீஸிங் போடுவார்களா என்று கேட்டு, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். மடிப்போரத்தில் வெளிர் நிறம் வைத்துவிட்டால் இன்னும் நல்லது, வெடித்தாலும் தெரியாது.

14. திருத்தங்களைப் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லாமல், சிவப்புப் பேனாவால் தாளிலேயே குறித்து, எண் போட்டு ஒரே தடவையாகக் கொடுங்கள். அடுத்த புரூஃப் வந்ததும் திருத்திய சொல்லை மட்டும் பார்த்து விட்டுவிடாதீர்கள். ஒரு சொல் நீண்டால் கீழே உள்ள வரிகள் எல்லாம் நகரும், கடைசி வரி கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எல்லாம் சரியென்றால் அந்தத் தாளிலேயே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். அச்சாகி வரும் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அதுதான் ஆதாரம்.