டையசோனியத்தில் பிரியும் பாதைகள்

நைட்ரோபென்சீனிலிருந்து குளோரோபென்சீன் தயாரிக்கும் வழியைப் பன்னிரண்டாம் வகுப்பில் கேட்டேன். வினைகளைத் தனித்தனியே ஒப்பித்த மாணவர்கள் திணறினார்கள். சிலர் நேரடியாகக் குளோரினேற்றம் செய்தார்கள். நைட்ரோ தொகுதி நீங்காமல் மெட்டா இடத்தில் குளோரின் சேரும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

ஆர்.கே.பேட்டையிலிருந்து சோளிங்கருக்கும் திருத்தணிக்கும் சாலைகள் பிரிவதுபோல், சார்ட்டின் நடுவே பென்சீன் டையசோனியம் குளோரைடை வைத்து அம்புகள் வரையச் சொன்னேன். உள்ளே வரும் பாதை: நைட்ரோபென்சீன், Sn/HCl, அனிலீன், பிறகு 273–278 K-ல் NaNO2/HCl. வெளியே செல்பவை: Cu2Cl2/HCl சேர்த்தால் குளோரோபென்சீன், KI சேர்த்தால் அயோடோபென்சீன், நீருடன் சூடாக்கினால் பீனால்.

வெப்பநிலை எழுதாத அம்பைச் சிவப்பு மையால் வட்டமிடுவேன். சூடானால் நைட்ரஜன் வாயு வெளியேறி ஃபீனைல் நேர்அயனி உண்டாகும். அதை நீர் தாக்க, ஒரு புரோட்டான் நீங்கிப் பீனால் கிடைக்கும். வழிமுறையை இப்படி எழுதிப் பார்த்தவர்களுக்குக் குளிர்ச்சி ஏன் வேண்டும் என்பது விளங்கியது.

மறுநாள், நான்காம் நாள், பதினோராம் நாள் என மூன்று முறை வெற்றுத்தாளில் வரைபடத்தை நினைவிலிருந்து வரைவார்கள். பிறகு விளைபொருளிலிருந்து பின்னோக்கிக் கேட்பேன்: "அயோடோபென்சீனுக்கு முந்தைய சேர்மம் எது? அதற்கு முன்?" பார்த்து எழுதும்போது வராத தவறுகள் இங்கேதான் வரும். அனிலீனிலேயே நேராக Cu2Cl2 சேர்ப்பவர் இன்றும் உண்டு. அவர்களுக்கு மட்டும் நான்காம் நாள் பயிற்சியை மீண்டும் வைக்கிறேன்.