சாக்கிலுள்ள ஸ்குரூ எத்தனை?

சிறு ஸ்குரூ ஒரு சாக்கு கடைக்கு வந்திறங்குகிறது. நூறு நூறாகப் பெட்டியிலிட்டு விற்கவேண்டும். எத்தனை பெட்டி தேறும்? ஒவ்வொன்றாக எண்ண உட்கார்ந்தால் அன்றைய வியாபாரம் போயிற்று!

எண்ணிய சிலவற்றை நிறுத்து மொத்தத்தை அறியலாம். பலர் பத்தை மட்டும் எண்ணித் தராசில் வைக்கிறார்கள்; கோளாறு அங்கேதான். நம் கடைத் தராசு ஐந்தைந்து கிராமாகவே காட்டும். பத்து ஸ்குரூவின் உண்மை எடை பதினைந்தரை கிராமாயினும் அது 15 என்றே சொல்லும். அந்த அரை கிராம், சாக்கு முழுவதற்கும் பெருகிவிடுகிறது.

ஆகவே 200 எண்ணுவோம். எடை 310 கிராம். சாக்கோடு மொத்தம் 24 கிலோ 950 கிராம். வெறுஞ்சாக்கு 150 கிராமைக் கழித்தால் 24,800 கிராம். இதை 310ஆல் வகுக்க 80. எண்பது இருநூறு 16,000. பத்தை நிறுத்தவருக்கோ 16,533 வரும். ஐந்து பெட்டிக்குச் சரக்கிராது. நம் கணக்கிலும் தராசு இரண்டரை கிராம் முன்பின்னாகலாம். அதனால் சுமார் 130 ஸ்குரூ கூடவோ குறையவோ இருக்கலாம். விலை பேசுகையில் இதைச் சொல்லிவிடுவதே முறை.

மேலாக அள்ளியதை நம்பலாகாது. சாக்கைக் கொட்டி, மேல், நடு, அடி மூன்றிலும் இருநூறு எடுத்துத் தனித்தனியே நிறுக்கவேண்டும். மூன்றும் 310ஐ ஒட்டியிருந்தால் சரி. ஒன்று 330 காட்டினால் நீளமான ஸ்குரூ கலந்திருக்கிறது. பிரித்தெடுக்காமல் இக்கணக்குச் செல்லாது.